சற்றே கூடுதல்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவளைத் தமிழக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசியும் குழாயும் மெஷினுமாக மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், அகராதியும் பேனாவுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவள். ரிப்போர்ட்டில் ஏதாவது ஓர் அளவு எல்லை தாண்டியிருந்தால், அது என்ன, எதற்காகப் பார்த்தார்கள், இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சாதாரணத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ரிப்போர்ட்டோடு இணைப்பது அவள் வேலை.

பயமுறுத்தக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. அதற்குக் காரணம் அவளுடைய அப்பா. முன்பு ஒருமுறை காய்ச்சல் விட்ட பிறகு அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் கறுப்பாக, தடிமனாக ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. அவ்வளவுதான். சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு சைக்கிள்கூட இல்லாத மனிதர், உயில் எழுத உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. டாக்டரோ பார்த்துவிட்டு, "காய்ச்சல் வந்தா இது ஏறும், தானா இறங்கிடும்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். அந்த ஒரு வரியை ரிப்போர்ட்டிலேயே போட்டிருந்தால் என்ன என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கவுன்ட்டரில் யாராவது முகம் வெளிறி நின்றால் அவளே எழுந்து போவாள். "ஆரோக்கியமா இருக்கிற நூறு பேர எடுத்துக்குங்க. நடுவுல இருக்கிற தொண்ணூத்தஞ்சு பேரோட அளவத்தான் இயல்பு எல்லைன்னு போடுறாங்க. மிச்சம் அஞ்சு பேர் அதுக்கு வெளிய இருப்பாங்க. அவங்களும் நல்லாத்தான் இருக்காங்க. அதனால எல்லைய தாண்டினாலே நோய்னு அர்த்தம் இல்ல." கேட்டவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்த மூச்சுச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு தாளையும் புதிதாக எழுத நேரம் போதாமல், கூடத்தின் பெரிய டாக்டரம்மாவோடு பேசி ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். மேல் எல்லையைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் 'சற்றே கூடுதல், பதற வேண்டாம், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது காட்டுங்கள்'. மூன்று மடங்குவரை 'கூடுதல். இந்த வாரத்துக்குள் காட்டுங்கள்'. அதற்கும் மேலே 'மிகவும் கூடுதல்; இன்றே காட்டுங்கள்'. கல்லீரல் நொதிகளுக்காகத்தான் முதலில் அதை எழுதினார்கள். கொழுப்பு, யூரிக் அமிலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பிறகு யாரும் யோசிக்காமலே எல்லாவற்றுக்கும் அதுவே ஆனது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். பதினோரு மாதம் ஓடிவிட்டது. ஒரு புகார்கூட வரவில்லை.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு டாக்டரம்மா ஒரு தாளைக் கையில் பிடித்தபடி அவள் மேசைக்கு வந்தார். வழக்கமாக அவர்தான் ஆட்களைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். தானாக நடந்து வரமாட்டார்.

"இது நீங்க எழுதினதா?"

நேற்று மாலை எழுதிய தாள். ஐம்பத்திரண்டு வயது ஆண். கிரியாட்டினின் 2.4, எல்லை 1.3. 'சிறுநீரகம் சுத்தம் செய்யும் வேலையைக் காட்டும் அளவு. கூடுதல், இந்த வாரத்துக்குள் காட்டுங்கள்.' அதற்குக் கீழே பொட்டாசியம் 6.8, எல்லை 3.5 முதல் 5.1 வரை. 'சற்றே கூடுதல், பதற வேண்டாம்.'

"நான்தான் டாக்டர். ஒன்றரை மடங்குக்குள்ளதானே இருக்கு?"

டாக்டரம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். விழுந்தார் என்றே சொல்லலாம்.

"கல்லீரல் நொதி ரெண்டு மடங்கு ஏறினாலும் ஆள் நடந்து திரிவார். பொட்டாசியம் அப்படி இல்ல. உடம்பு அத ஒரு சின்ன இடைவெளிக்குள்ளதான் வச்சிருக்கும். ஆறரைய தாண்டினா இதயம் எந்த நிமிஷமும் தாளம் தப்பலாம். இது அவசர அளவு."

தமிழக்கா அந்த எண்ணை மறுபடி படித்தாள். மெஷினைக் கவனிக்கும் டெக்னீஷியன் வந்து நின்றார். தலை நரைத்த, அளந்து பேசும் மனிதர். குழாயில் ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் நேற்றே மாதிரியைச் சரிபார்த்து, மறுபடி ஓட்டியும் பார்த்திருந்தார். 6.9 வந்தது. அவசர அளவு என்பதால், பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டருக்கு இரண்டு முறை போன் செய்திருந்தார். எடுக்கவில்லை. பதிவேட்டில் 'மறுபடி கூப்பிடணும்' என்று எழுதி வைத்திருந்தார். அதற்குள் ஷிப்ட் மாறிவிட்டது. அந்த வரி அப்படியே நின்றது.

"நம்பர் இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

இருந்தது. தமிழக்கா ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள்; எடுத்தது அந்த ஆளின் மனைவி.

"ஆமாங்க, நான்தான் வாங்கிட்டு வந்தேன். நீங்க எழுதியிருந்தத அவருக்குப் படிச்சும் காட்டினேன். பதற வேண்டாம்னு போட்டிருந்துச்சா, அதுக்கப்புறம்தான் மனுசன் நிம்மதியா தூங்கினார்." குரலில் நன்றி இருந்தது.

"அவர் இப்ப எங்கம்மா? உடம்பு எப்படி இருக்கு?"

"ரெண்டு காலும் கல்லக் கட்டின மாதிரி கனக்குதுன்னார். வயசாகுதுல்லன்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போயிட்டார்."

"என்ன டூட்டி?"

"பஸ் ஓட்டுறாருங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டெக்னீஷியன், "அவருக்கே நேரா போன் போடுங்க" என்றார்.

வண்டி ஓட்டும்போது அவர் போனை அணைத்துவிடுவாராம். கண்டக்டரின் நம்பர் அந்த அம்மாவிடம் இருந்தது. தமிழக்கா அதை எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். டாக்டரம்மா அதற்குள் இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் போனைக் கையால் மூடிக்கொண்டு, "நீங்களே பேசுங்க. புரியிற மாதிரி சொல்லுங்க" என்றார்.

கண்டக்டர் எடுத்தார். பின்னால் ஹாரனும் பேச்சும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. நாற்பது பேராவது இருப்பார்கள்.

"அண்ணே, நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேர்ந்து பேசுறேன். டிரைவருக்கு உடம்பு சரியில்ல. சத்தம் போடாம, வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே."

"அவர் நல்லாத்தானே ஓட்டிட்டிருக்கார்? அடுத்த ஸ்டாப் வந்துடும்மா."

"ஸ்டாப் வேணாம் அண்ணே. இப்பவே."

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். விசில் கேட்டது. பிறகு பிரேக் கீச்சிட்டது. பிறகு ஒரு கனத்த ஆண்குரல், கொஞ்சம் எரிச்சலோடு: "யாருங்க அது?"

எழுதும்போது ஒரு வாக்கியத்துக்கு அவள் அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்வாள். இப்போது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"அண்ணே, நேத்து உங்க ரிப்போர்ட்டுக்கு விளக்கம் எழுதினது நான். பதற வேண்டாம்னு எழுதினது தப்பு. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு சத்து ரொம்ப ஏறியிருக்கு. அது இதயத் துடிப்பக் குழப்பும். கால் கனக்குறதும் அதனாலயே இருக்கலாம். ஆஸ்பத்திரில மருந்து இருக்கு, இன்னைக்கே இறக்கிடலாம். ஆனா இப்பவே போகணும். சாவிய கண்டக்டர்கிட்ட குடுத்துட்டு உக்காருங்க. நடக்காதீங்க. ஆம்புலன்ஸ் வருது, வண்டி எங்க நிக்குதுன்னு மட்டும் கண்டக்டர சொல்லச் சொல்லுங்க."

மறுமுனையில் இன்ஜின் சத்தம் நின்றது.

"அப்ப... இவ்வளவு பேர வச்சு ஓட்டிட்டு வந்திருக்கேனா?" என்றார் அவர், மெதுவாக.

மதியம் தகவல் வந்தது. இதய வரைபடத்தில் அலைகள் கூர்கூராக எழுந்து நின்றனவாம். கால்சியம் ஊசி போட்டு இதயத்தைக் காத்தார்கள். குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கினார்கள். சாயங்காலம் வந்த அடுத்த தகவலில் 5.4. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் தமிழக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். டிரைவர் கட்டிலில் சாய்ந்தபடி, "நீங்கதானா அது? போன்ல அதட்டினப்ப ஏதோ பெரிய ஆபீசர்னு நெனச்சேன்" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று பாக்கெட்டில் போட்டிருந்ததை நம்பி, இரண்டு மாதமாக சோடியம் குறைந்த உப்பை வாங்கிச் சமைத்திருக்கிறார். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருந்தது பொட்டாசியம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, அதுவும் அவர் சாப்பிட்ட, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ரத்த அழுத்த மாத்திரையோடு, ஆகவே ஆகாது. அதை நேற்றுத்தான் அந்த அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"பாக்கெட்லயும் நல்ல வார்த்த, உங்க தாள்லயும் நல்ல வார்த்த" என்றார் அந்த அம்மா. "இனிமே எங்களுக்கு நல்லா எழுதாதீங்கம்மா. உள்ளத எழுதுங்க."

தமிழக்கா தலையை ஆட்டினாள்.

கூடத்துக்குத் திரும்பியதும் டாக்டரம்மாவும் அவளும் மடங்குக் கணக்கைக் கிழித்துப்போட்டார்கள். "நீங்க மட்டும் இல்ல, கீழ கையெழுத்து என்னோடது" என்று டாக்டரம்மா ஒருமுறை சொன்னார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனி எல்லை, தனித்தனி வார்த்தை என்று முடிவானது. பொட்டாசியம், சோடியம், கால்சியம், சர்க்கரை ஆகியவற்றில் அவசர அளவு வந்தால், யாராவது நேரில் பேசி முடிக்கும்வரை தாள் வெளியே போகக் கூடாது.

பிறகு பழைய தாள்கள். பதினோரு மாதத்தில் எல்லை மீறிய பொட்டாசியத்தை எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். அந்த டிரைவரைத் தவிர, ஆறுக்கு மேலே மூன்று பேர். மூன்று தாளிலும் அவளுடைய அதே வாக்கியம்.

முதல் நம்பரில் ஒரு பெண்மணி எடுத்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவருடைய டாக்டர் அன்றே பார்த்துக்கொண்டாராம். இரண்டாமவர் வேறிடத்தில் மறுபடி ரத்தம் கொடுத்திருந்தார். அங்கே சரியாக வந்ததாம், முதல் மாதிரிதான் கெட்டிருந்தது. தமிழக்கா தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது நம்பரை அழுத்தினாள். ஏழு மாதத்துக்கு முந்தைய தாள். 6.6.

எடுத்தது மகன். "அப்பாங்களா? அவர் தவறிட்டாருங்க. ஏழு மாசம் ஆச்சு."

"எப்படிங்க...?"

"படுத்தவர் எழுந்திரிக்கல. ஹார்ட்னு சொன்னாங்க. நீங்க யாரு?"

அந்தத் தாளால்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. போனை வைத்துவிடலாம். ராங் நம்பர் என்று சொல்லிவிடலாம். எதிரே டாக்டரம்மா முகத்தைக் கையில் புதைத்திருந்தார்.

"நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேர்ந்து பேசுறேன்" என்றாள். "அப்பாவோட ரிப்போர்ட்டுக்குத் தமிழ்ல விளக்கம் எழுதினது நான். அதுல தப்பு இருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு எழுதியிருக்கணும். நான் பதற வேண்டாம்னு எழுதிட்டேன். அதனாலதான் அவர் போனாரான்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா இது உங்களுக்குத் தெரியணும். டாக்டரும் நானும் நேர்ல வந்து சொல்றோம். எப்ப வரலாம்?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றான் அவன் கடைசியில். "அம்மாகிட்ட மட்டும்... கொஞ்சம் பாத்து சொல்லுங்க."