இலையோடு எடுத்த படம்

குமாரபாளையத்தில் மதுமதி நடத்தும் போட்டோ ஸ்டுடியோவுக்கு இப்போதெல்லாம் மாப்பிள்ளை, பெண்ணைவிடத் துண்டும் லுங்கியும்தான் அதிகம் வந்து போகின்றன. துணிக்கு முகூர்த்த நேரம் கிடையாது, சித்தப்பா தொல்லையும் கிடையாது. மதுமதிக்கு அது பிடித்திருந்தது.

சென்னியப்பன் துணிப்பைகளோடு வந்தார். சொந்தத் தறியில் நெய்த, வெளுக்காத காடாத் துணி. தைத்தது அவர் மனைவி சௌந்திரம். பெங்களூரில் ஒரு கடைக்காரர் படம் கேட்டிருந்தார். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஆர்டர். இல்லாவிட்டால் தறிகளைப் பழைய இரும்புக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

பைகளோடு ஒரு சாக்கும் வந்திருந்தது. உள்ளே செம்மண், கொட்டாங்குச்சி, ஒரு நீளமான பச்சை இலைக்கொடி.

"இது எதுக்குங்கண்ணா?"

"இயற்கையா இருக்கோணுமுல்ல அம்மிணி. ஆன்லைன்ல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"இலையும் மண்ணும் வெச்சா மருந்தே அடிக்காம வெளஞ்ச பருத்தின்னு நெனச்சுக்குவாங்க. உங்க நூலு அப்படியா?"

"மில்லு நூலு. அதை யாரு கேட்டா? நான் எங்கயாச்சும் அப்படி எழுதியிருக்கனா?"

"எழுத வேண்டாங்கண்ணா. இலையே சொல்லிரும்."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது. படம் எடுக்கக் கூலி கொடுப்பது தான்தான் என்று நினைவூட்டினார். மதுமதி இரண்டு விதமாகவும் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். கொடியைச் சுற்றி வைத்ததும் இலையின் பச்சை துணியில் அடித்தது. சந்தன நிறத் துணி பாசி பிடித்தது மாதிரி தெரிந்தது. "பாருங்கண்ணா, துணியோட கலரே மாறுது" என்றாள். "அதுதான் அழகு" என்றார் அவர்.

பிறகு கொடியை நகர்த்திவிட்டு, சாம்பல் அட்டையை வைத்து நிறம் சரிபார்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் வெறும் பையை எடுத்தாள். துணியில் பருத்திக்கொட்டைத் துணுக்குகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. சென்னியப்பன் அதைப் பார்த்து முகம் சுளித்தார். அழுக்கு மாதிரி இருக்கிறதாம்.

அனுப்பியது எந்தப் படத்தை என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரரிடமிருந்து பதில் வந்தது. இலையைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். நரம்புக்கு நடுவில் அச்சில் வார்த்த கோடு தெரிகிறதாம். இலையே பிளாஸ்டிக் என்றால் பையை எப்படி நம்புவது, ஆர்டர் வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

கொடி உண்மையிலேயே பிளாஸ்டிக்தான். கல்யாண மண்டபத்தில் மேடை அலங்காரம் செய்யும் மச்சானிடம் வாங்கி வந்தது. நிஜ இலை லைட் சூட்டில் வதங்கிவிடும் என்று சென்னியப்பன் முன்யோசனையோடு செய்த காரியம். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்பார்கள்; இங்கே ஒரு முழக் கொடி.

மதுமதிக்குச் சிரிப்பு வந்தது. உடனே தன்மேல் கோபமும் வந்தது. அந்தக் கொடியைக் கையால் தொட்டு அடுக்கியவள் அவள்தானே.

சென்னியப்பன் மறுபடி வந்தபோது சௌந்திரமும் வந்தார். இந்த முறை பை மட்டும். மதுமதி ஒன்றில் சின்ன வெங்காயம் நிரப்பித் தொங்கவிட்டு, பையின் காது இழுபடுவதைப் படமெடுத்தாள். துவைத்துச் சுருங்கிய பையைப் புதுப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றை உள்பக்கம் வெளியே திருப்பினாள்.

"தையல் நூலு என்னங்கக்கா?"

"பாலியஸ்டர்தான் சாமி. பருத்தி நூலு மிசின்ல அத்துக்கிட்டே இருக்குது."

"அதையும் கிட்டத்துல எடுக்கறேன். படத்துக்குக் கீழயே எழுதிரலாம்."

"அதைக் காட்டுனா அவன் சுத்தமா ஓடிருவான்!" என்றார் சென்னியப்பன்.

"காட்டாம உட்டுத்தான் பாத்தாச்சே" என்றார் சௌந்திரம்.

துணி பருத்தி, மில் நூல், தையல் பாலியஸ்டர். இரண்டு வரி சேர்த்துப் படங்கள் போயின. கடைக்காரர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. பையைச் சோதனைக்கூடத்துக்குக் கொடுத்து, துணி முழுக்கப் பருத்திதான் என்று சான்று வாங்கி அனுப்பினால் பேசலாம் என்றார். அதுவரை தறிகள் நிற்க வேண்டியதுதான்.

சௌந்திரம் அந்தப் பதிலை மதுமதியிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு மடியிலிருந்த பையை நீவிக்கொண்டே இருந்தார்.

"எங்க தறியில எங்க கையால ஓட்டுன துணி. பஞ்சு தவிர ஒண்ணும் கெடையாது. நெசத்தைச் சொல்றோம், எங்களை ஏம்மா நம்ப மாட்டேங்கறான்?"

"உங்களை அவர் பாத்ததே இல்லீங்கக்கா" என்றாள் மதுமதி. "பாத்தது நான் எடுத்த படத்தைத்தான்."