ஒன்பது நாளில் நிரம்பும்

அக்கா என்றுதான் நாங்கள் எல்லோரும் அவளைக் கூப்பிட்டோம். ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் பதினாறுக்கும் பொதுவான சர்வர்களை அவளும் நானும் பார்த்துக்கொண்டோம். இருவரும் ஒப்பந்த ஆட்கள். மாதக் கடைசியில் ஒருவருக்குத்தான் நீட்டிப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

மணிக்கொரு முறை டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, மெமரி எவ்வளவு போகிறது என்று அவள் எழுதிவைத்த ஒரு சின்ன நிரல் பார்த்து வைக்கும். காலை பத்து மணிக்கு அதையெல்லாம் பார்த்து அக்கா மூன்று வரி எழுதி நிர்வாகி சாருக்கு அனுப்புவாள். நகல் எனக்கு. 'டிஸ்க் 82, நேற்று 80. மெமரி 67, ஒரு வாரமாக மாற்றமில்லை. இதே வேகத்தில் போனால் ஒன்பது நாளில் டிஸ்க் நிரம்பும்.'

சாருக்கு அந்த மூன்றாவது வரி ஆகாது.

"வந்துட்டாங்கப்பா ஜோசியக்காரி! எனக்கு எப்ப கண்டம்னும் பாத்து சொல்லிடும்மா" என்பார், அறை முழுக்கக் கேட்கும்படி. எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

நிரம்புவதற்குக் காரணமும் அவர்தான். ஏதோ பிழையைத் தேடுகிறேன் என்று, ரிப்போர்ட் அச்சிடும் நிரலின் ஒவ்வொரு அசைவையும் லாக் ஃபைலில் எழுதும்படி அவரே முடுக்கிவிட்டு மறந்துபோனார். நாளுக்கு இரண்டு சதவீதம் ஏறியது. தொண்ணூறைத் தாண்டினால் அலறும் எச்சரிக்கை ஒன்று இருந்தது. நச்சரிக்கிறதென்று அதன் வாயையும் அவரே அடைத்திருந்தார். அக்கா மட்டும் விடவில்லை. எட்டு நாள், ஏழு நாள், ஆறு நாள்.

சொன்ன நாளில், மதியம் மூன்று மணிக்கு நிரம்பியது. டேட்டாபேஸால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. பதினாறு கவுன்டர்களிலும் ரிப்போர்ட் வராமல் ஜனங்கள் கத்தினார்கள். சார் வியர்த்து வழிய அந்த லாக் ஃபைலை அழித்தார். டிஸ்க் நூறிலேயே நின்றது.

"அழிச்சா மட்டும் போதாது சார், அந்த புரோகிராம் இன்னும் ஃபைலப் புடிச்சுட்டுதான் இருக்கு. ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் அக்கா.

பண்ணினார். ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. நன்றி சொல்ல நேரமில்லாத மனிதர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மெயில் சர்வர் உன் கையிலதானே? அவ எனக்கு அனுப்பின குறிப்பு, அவ 'அனுப்பியவை'யில இருக்கறது, உனக்கு வந்த நகல், ஒண்ணும் இருக்கக் கூடாது. பேக்கப்ப நான் பாத்துக்கறேன். உன் நீட்டிப்புக் கடிதம் என் மேசைலதான் இருக்கு."

வெட்கமாக இருந்தது. இருந்தும் செய்தேன். மூன்று வருடக் குறிப்புகள், இருபது நிமிட வேலை. அத்தனையும் அழிந்த பிறகும் மெயில் சர்வரின் டிஸ்க் கணக்கு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. அவ்வளவு சின்னக் குறிப்புகள்.

மறுநாள் மேலாளர் அறையில் சார் கையை விரித்தார். "கண்காணிக்கறது இவங்க வேலை சார். ஒரு வார்த்தை சொல்லல."

"தினமும் எழுதினேன் சார், காட்றேன்" என்று அக்கா மடிக்கணினியைத் திறந்தாள். 'அனுப்பியவை' பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். திரும்பத் திரும்ப உருட்டினாள். பிறகு, பிடி கிடைத்தவளாக என் பக்கம் திரும்பினாள்.

"தம்பிக்கு நகல் போட்டிருக்கேன் சார். இவனக் கேளுங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார்.

"எனக்கு அப்படி எதுவும் வந்ததில்ல சார்" என்றேன். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பு.

அன்று மாலையே அவளுக்குக் கணக்கு முடித்தார்கள். பையை எடுத்துக்கொண்டு என் மேசையருகே நின்றாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அடுத்த தடவை நிரம்பறப்ப உன்னத்தான் கேப்பாங்க. அப்ப உன் பக்கத்து நாற்காலில உன்ன மாதிரியே ஒருத்தன் இருக்கணும். வேற எதுவும் நான் வேண்டிக்கல."

போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. டிஸ்க் 62, நேற்று 60. லாக் இன்னும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை இப்போது அணைத்தால் முடுக்கியது யார் என்று பேச்சு வரும் என்பதால் சார் கைவைக்கவில்லை. அணைக்கும் அனுமதி எனக்கில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன்: பத்தொன்பது நாள்.

'எல்லாம் இயல்பாக உள்ளது' என்று எழுதி அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் சாரிடமிருந்து பதில் வந்தது. "இப்படித்தான் இருக்கணும் குறிப்பு."