நூல் இழுக்கும் மோதிரம்

ஜோதிகாவுக்கு அந்த நகைக்கடையிலேயே கத்தித் தீர்க்கலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் அது கடைக்காரர் முருகவேலின் முகத்துக்காக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அருண்பாண்டிக்காக இல்லவே இல்லை.

கல்யாணத்தன்று மாற்றிக்கொள்ள, இருவருக்கும் ஒரே மாதிரி ஜோடி மோதிரம் எடுக்க வந்திருந்தார்கள். அவளுக்குக் கல்லே வேண்டாம், வழுவழுவென்று வெறும் தங்கம் போதும். அவனுக்குக் கல் வேண்டும், அதுவும் சுற்றிலும். அவளும் வீம்புக்குச் சொல்லவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்கத் துணிக்குள் கைவிட்டு விரித்துப் பார்க்க வேண்டும். கல்லைப் பிடித்திருக்கும் கவ்வு துணியில் மாட்டினால் நூலை இழுத்துவிடும், அந்தப் பீஸ் ரிஜெக்ட். இதை எத்தனை தடவைதான் சொல்வது! கடைசியில் கல் மோதிரத்தை மாட்டிக்கொண்டு அவன் டீ-ஷர்ட் கையில் ஒரு தேய் தேய்த்தாள். நூல் சுருண்டு வெளியே வந்தது. புது டீ-ஷர்ட் வேறு. அவன் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே.

முருகவேல் நடுவில் புகுந்தார். சுற்றிலும் கல் வைத்தால் நாளைக்கு விரல் பெருத்தாலும் மோதிரத்தைப் பெரிசு பண்ண முடியாது, வெட்டி ஒட்ட வெறும் தங்கம் வேண்டும் என்றார். இருபத்திரண்டு காரட் மெத்தென்று இருக்கும், கவ்வு வளைந்து கல் உதிர்ந்துவிடும், அதனால் கல் மோதிரத்தைப் பதினெட்டில்தான் செய்வார்களாம். அவ்வளவு ஆசையென்றால் ஒரே ஒரு கல்லைத் தங்கத்துக்குள் குழித்துப் பதித்து, விளிம்பை அழுத்தி மூடித் தரலாம், கவ்வே இருக்காது.

"தடவிப் பாத்தாலும் கல்லு கையில தட்டாது கண்ணு," என்று ஒரு மாதிரியை நீட்டினார்.

ஜோதிகா அதைத் துப்பட்டாவில் தேய்த்துப் பார்த்தாள். எங்கும் மாட்டவில்லை. பாதிக் கோபம் இறங்கிவிட்டது. சரி, இதையே எடுத்துக்கலாம் என்றாள்.

அருண்பாண்டி அதைத் தள்ளிவைத்தான். இது யார் கண்ணுக்கும் தெரியாதாம், சொந்தக்காரர்கள் சிரிப்பார்களாம். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"துணி துணின்னே உயிர வாங்குற. கல்யாணத்துக்கப்புறம் நீ எங்க துணியத் தொடப்போற? வேற ஆள் பாத்துக்கங்கன்னு உங்க இன்சார்ஜ் பிரதீப்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன்."

அடப்பாவி! அவள் வேலையை விட அவன் நாள் குறித்துவிட்டானா? பெண் பார்க்க வந்த அன்றைக்கே, வேலைக்குப் போவேன் என்று சொல்லித்தானே சம்மதித்தாள்? அன்றைக்கு ஊம் ஊம் என்று தலையை ஆட்டினவன்தான் இவன். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே போனை எடுத்தாள்.

"பிரதீப் அண்ணா, நான் வேலைய விடலீங்க. கல்யாண லீவு முடிஞ்சதும் வந்துருவேன். என் வேலையப் பத்தி யாரு பேசுனாலும் என்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

எல்லாரும் பார்க்கிறார்கள், வை என்று அருண்பாண்டி பல்லைக் கடித்தான். பேசி முடித்துத்தான் வைத்தாள். பிறகு கல்லில்லாத மோதிரத் தட்டை இழுத்து, அளவெடுக்க விரலை நீட்டினாள். முருகவேல் தயங்கித் தயங்கி, ஜோடியாகவே போட்டுவிடலாமா என்று கேட்டார்.

"எனக்கு இது. அவருக்கு வேணுமான்னு அவருகிட்டயே கேளுங்க."

முருகவேல் அளவு வளையங்களோடு அவன் பக்கம் திரும்பினார். அருண்பாண்டி மேசைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.