பன்னிரண்டு மில்லி மிச்சம்

மூன்றாவது முறை கணக்குப் போட்டும் இருபத்தொரு சதவீதம்தான் வந்தது. இசைப்பிரியா பேனாவை மூடிவிட்டு உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மாலை நேர டிப்ளமோ வகுப்பின் ஆய்வகம் அது. மேசை மேல் ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் உள்ளங்கை அகல எரிபொருள் செல், தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்பு செல், வாயுவைப் பிடித்து வைக்க அளவுக் கோடு போட்ட சிலிண்டர், ஒரு குட்டி மின்விசிறி. ஏழரை மணிக்கு சுப்புலட்சுமி மேடம் வருவார். ஆய்வகப் பொறுப்பு அவர்தான். ஹைட்ரஜன் என்றாலே அவருக்குப் பயம். "பாதுகாப்பா செஞ்சு, நம்புற மாதிரி ஒரு அளவு காட்டுங்க. இல்லனா கிட் பீரோவுக்குப் போயிடும். நீங்க பழையபடி தண்ணித்தொட்டி அலாரமே செய்யுங்க" என்று சொல்லியிருந்தார்.

ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றலில் எத்தனை சதவீதம் மின்சாரமாகக் கிடைக்கிறது என்பதுதான் அந்த அளவு. பகல் வகுப்புக்காரர்கள் நாற்பத்தொன்று எடுத்திருந்தார்கள். அவர்களின் அறிக்கை சுவரிலேயே ஒட்டியிருந்தது.

"நாப்பதுனு எழுதிடு இசை. விசிறி சுத்துச்சுல்ல?" என்றான் ஜெரால்டு. அவளோடு சேர்ந்து செய்பவன். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன், பகலில் அனல்மின் நிலைய டர்பைன் ஹாலில் கான்ட்ராக்ட் வேலை.

"சுத்துச்சுண்ணா. அஞ்சு நிமிஷம் இருவது செகண்டுல நின்னுடுச்சே."

"அதுவும் களைச்சுப்போயிருக்கும். மொத ஷிப்டு பாரு."

அவள் சிரித்துவிட்டு நோட்டின் முதல் வரிக்குப் போனாள். நடந்ததையெல்லாம் நடந்த வரிசையில் எழுதுவது அவள் வழக்கம்.

6.10: செல்லிலும் குழாயிலும் கார்பன் டை ஆக்சைடு விட்டது, ஜெரால்டு அண்ணா.
6.18: ஒரு ஆம்பியர், 1.7 வோல்ட், மூன்று நிமிடம். 306 ஜூல் செலவு. ஹைட்ரஜன் 23 மில்லி.
6.24: விசிறி ஓட்டம். 0.7 வோல்ட், கால் ஆம்பியர்.
6.29: நின்றது. சிலிண்டரில் மிச்சம் 12 மில்லி.

கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"அண்ணா, பாதிக்கு மேல வாயு அப்படியே இருக்கு. அப்புறம் ஏன் நின்னுச்சு? நான் இருபத்தி மூணையும் எரிஞ்சதா வச்சு கணக்குப் போட்டுகினு இருக்கேன்."

ஜெரால்டு குனிந்து பார்த்தான். "ஆமா. உள்ள போவாம நிக்குதே."

"மொதல்ல எதுக்கு அந்த கார்பன் டை ஆக்சைடை விட்டீங்க?"

சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் கலந்த பாட்டிலை அவன் பெருமையாகத் தூக்கிக் காட்டினான். "எங்க ஜெனரேட்டருக்குள்ள ஹைட்ரஜன்தான் ஓடுது, சூடு தணிக்க. அதுவும் காத்தும் ஒண்ணா சேரவே கூடாது. நூத்துல நாலு பங்கு ஹைட்ரஜன் இருந்தாலே பத்திக்கும். எரியுற தீ கண்ணுக்கும் தெரியாது. அதான் நடுவுல இதை விட்டு காத்தை வெளியேத்திடுவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வூட்டுக்குப் போயிடுவேன். அடுத்த ஷிப்டு..."

அவன் கையிலிருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான். இசைப்பிரியாதான் முடித்தாள்: "அடுத்த ஷிப்டு, ஹைட்ரஜனை விட்டு இதையும் வெளியே தள்ளுவாங்க. நாம தள்ளல. செல்லோட வெளிவழியில கிளிப் போட்டிருக்கோம். ஹைட்ரஜன் மட்டும் தீந்துபோவ, இது உள்ளயே குந்திகினு வழிய அடைக்குது."

"வருஷத்துக்கு ரெண்டு தடவை பண்றேன் இசை. பாதி வேலைதான் பண்றேன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

மணி ஏழு. ஜன்னல்களையும் மேலே இருந்த சிறு திறப்பையும் திறந்தார்கள். செல்போன்கள் வராண்டாவுக்குப் போயின. விசிறியின் மோட்டாருக்குள் பொறி பறக்கும் என்பதால் அதன் வயரைக் கழற்றித் தள்ளி வைத்தாள். பிறகு கிளிப்பை எடுத்துவிட்டு, புதிதாகப் பிரித்த ஒரு சிலிண்டர் ஹைட்ரஜனை முழுக்கச் செல்லின் வழியாக விட்டு, குழாய் நுனியை ஜன்னலுக்கு வெளியே பிடித்தாள். கிளிப்பைப் போட்டுவிட்டு மறுபடி இருபத்து மூன்று மில்லி சேர்த்து, விசிறியின் வயரை மாட்டினாள்.

மேடம் வந்தபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளியே நின்றார்.

"வெடிக்காதே?"

"இதுல அஞ்சு டீஸ்பூன் அளவுகூட வாயு இல்ல மேடம். கசிஞ்சாலும் லேசுங்கிறதால மேலயே போயிடும், திறப்பு தொறந்திருக்கு. மூடின இடத்துல தேங்கினாதான் ஆபத்து."

பத்து நிமிடம் ஓடியது. மிச்சம் ஒரு மில்லி. நூற்றைந்து ஜூல் கிடைத்திருந்தது. ஹைட்ரஜனில் இருந்தது 267. முப்பத்தொன்பது சதவீதம். செலவழித்த மின்சாரத்தோடு ஒப்பிட்டால் முப்பத்து நான்கு. எழுபது நிமிடம் முன்னால் வந்த இருபத்தொன்றையும் அவள் அடிக்காமல் அப்படியே விட்டிருந்தாள்.

மேடம் நோட்டைப் புரட்டினார். "இந்த இருபத்தொண்ணு?"

"எங்க தப்பு மேடம். காரணம் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

"பகல் பேட்ச் நாப்பத்தொண்ணு ஆச்சே. ரெண்டு கம்மியா இருக்கே?"

இசைப்பிரியாவுக்கு வழக்கமான சந்தேகம் எட்டிப் பார்த்தது. நோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எங்களுக்கு வந்தது இதுதான் மேடம். கொஞ்சம் குழாயில கசிஞ்சிருக்கும். வேணும்னா இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுறேன்."

"ஓட்டு."

இந்த முறை மேடம் மேசைக்கு அருகிலேயே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பீரோச் சாவியை எடுக்கவே இல்லை. முப்பத்தெட்டரை வந்தது.

"அரை குறைஞ்சிடுச்சே" என்றாள் இசைப்பிரியா கவலையோடு.

"எழுது, எழுது" என்றார் மேடம். "நாளைக்கு இதுக்கும் காரணம் கண்டுபிடி."