ஒப்பிடுக: ஆறு மதிப்பெண்

தலைமைத் தேர்வாளருக்குக் கட்டைவிரலை நாக்கில் தொட்டால்தான் தாள் புரட்ட வரும். அவர் சரிபார்த்து அனுப்பும் ஒவ்வொரு விடைத்தாளின் கீழ்முனையிலும் ஈரமாக ஒரு வட்டம் இருக்கும். உயிரியல் டீச்சர் அந்த முனையில் கை படாமல் தாளை நடுவில் பிடித்துப் புரட்டுவாள். தனக்கென்று தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சு டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

"அவரு எச்சில் படாத தாள் செல்லாது டீச்சர்" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த சித்தப்பா. "முத்திரை மாதிரி."

அவருடைய அண்ணன் மகனும் இதே திருத்தும் முகாமில் அடுத்த வகுப்பறையில் இருந்தான். அவன் கூப்பிடப்போய், முகாம் மொத்தத்துக்கும் அவர் சித்தப்பா ஆகிவிட்டார்.

முதல் நாள் காலையில் மாதிரித் தாள்கள் மூன்றைக் கொடுத்து எல்லோரையும் திருத்தச் சொன்னார்கள். பதினேழாம் கேள்வியில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. தமனியையும் சிரையையும் ஒப்பிடுக. ஆறு மதிப்பெண். மாதிரித் தாளில் இருந்த பிள்ளை, தமனியைப் பற்றி ஒரு பத்தி, சிரையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தது. இரண்டிலும் பிழை கிடையாது. ஆனால் இரண்டு பத்தியும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவே இல்லை. கேட்டது ஒப்பிட, எழுதியது விவரித்து. பாதிப் பேர் ஐந்து போட்டார்கள், பாதிப் பேர் இரண்டு போட்டார்கள்.

தலைமைத் தேர்வாளர் அன்று எழுந்து நின்றே பேசினார். "சுவர் தடிப்பு, இதுல இப்படி, அதுல அப்படின்னு பிள்ளை சேர்த்து வெச்சுக் காட்டணும். அந்த ஜோடிக்குத்தான் ஒரு மார்க். அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பொறுக்கி நாம ஜோடி சேர்த்தா, பரீட்சை எழுதினது நாமதான்னு அர்த்தம். விடைக்குறிப்புலயே போட்டிருக்கு. ஒப்பிடாம தனித்தனியா விவரிச்சா, உச்சம் ரெண்டு."

டீச்சருக்கு அது பிடித்திருந்தது. வகுப்பில் அவளும் இதைத்தான் தொண்டை வறளச் சொல்லுவாள்: கேள்வியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள், அதுதான் உங்களிடம் வேலை வாங்குகிறது. திரும்பிப் போனதும் பிள்ளைகளுக்குச் சொல்ல, எத்தனை பேர் இப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே திருத்தினாள். இரண்டு நாளில் நான்கு கட்டு, நூற்றிருபது தாள். அதில் எழுபத்திரண்டு பேர் விவரித்திருந்தார்கள். எழுபத்திரண்டு பேருக்கும் இரண்டு.

அந்த எழுபத்திரண்டில் ஒரு தாளின் கூட்டுத்தொகை முப்பத்து மூன்றில் நின்றது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. எந்தத் தேர்வாளரும் அந்த இடத்தில் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: மறுபடி முதலிலிருந்து படித்தாள், எங்காவது இரண்டு மதிப்பெண் ஒளிந்திருக்கிறதா என்று. படம், குறிகள், ஒரு வரி விடைகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பதினேழாம் கேள்வியில் தமனி இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகிறது, சுவர் தடிப்பு, அழுத்தம் அதிகம். அடுத்த பத்தியில் சிரை இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுவருகிறது, சுவர் மெல்லியது, வால்வுகள் உண்டு. ஆறு கருத்தும் சரி. அவள் இரண்டைத் தொடவில்லை. விளிம்பில் நிற்கும் தாள் என்பதால் விதிப்படி அது தலைமைத் தேர்வாளருக்குப் போனது. அவரும் நாக்கைத் தொட்டுப் புரட்டி, பச்சை மையில் கையெழுத்திட்டார். "கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா விதி விதிதானே."

பிள்ளையின் பெயர் தெரியாது. முகப்பைக் கிழித்துவிட்டு ஓர் எண்ணைத்தான் ஒட்டியிருப்பார்கள். அந்த எண் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை தேநீர் வரும் நேரத்தில் தலைமைத் தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"பதினேழுல ஒரு சின்ன மாற்றம். தனித்தனியா விவரிச்சிருந்தாலும், விஷயம் சரின்னா ஒரு கருத்துக்கு ஒரு மார்க் போட்டுக்கங்க. அஞ்சு வரைக்கும்."

டீச்சர் பேனாவை மூடினாள். "ஏன் சார்?"

"மேல பார்த்திருக்காங்க. சராசரி ரெண்டைத் தாண்டலையாம். இந்த வருஷத் தேர்ச்சி விழுந்துடும்ங்கறாங்க."

"எழுத்துல வந்திருக்கா?"

"எல்லாத்தையும் எழுதிட்டா இருப்பாங்க? வாய்மொழிதான்."

"சரி சார். அப்ப முதல் ரெண்டு நாள் கட்டு?"

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. இரண்டு விரலை விட்டு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அது மூடி முத்திரை வெச்சுப் போயாச்சு மேடம்."

"போனா திரும்ப வராதா? ரெண்டு அறை தள்ளித்தானே இருக்கு?"

"திறக்கணும்னா அறிக்கை எழுதணும். யார் விதியை மாத்தினது, ஏன் மாத்தினது, எல்லாம் வரும். என் பேரை எழுதித் தரட்டுமா? ஓய்வு பெற எனக்கு ஏழு மாசம் இருக்கு."

"எனக்கு எந்த விதியா இருந்தாலும் சரி சார். ரெண்டுன்னா எல்லாருக்கும் ரெண்டு. அஞ்சுன்னா எல்லாருக்கும் அஞ்சு. திங்கட்கிழமை திருத்தின தாள்ல இருந்த பிள்ளை என்ன பாவம் செஞ்சது?"

"திங்கட்கிழமை உங்க கையில மாட்டினதுதான்" என்றார் சித்தப்பா. மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சருக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் சளி போல நின்றது. நேற்றுவரை ஜோடி, ஜோடி என்று பேசிய வாய்கள். இப்போது ஒருவர் பாக்கியில்லாமல் புதிய கணக்கில் விறுவிறுவென்று ஐந்து போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்து போடுவது சுலபமும்கூட. படிக்க வேண்டியதில்லை, எண்ணினால் போதும்.

மதியம் அவள் முகாம் அதிகாரியின் அறைக்குப் போனாள். அது தலைமையாசிரியர் அறை; முகாம் முடியும்வரை அதிகாரியுடையது. மேசைக் கண்ணாடியின் அடியில் யாருடைய பிள்ளைகளோ படத்தில் சிரித்தன. அறையோடு ஒட்டிய கழிப்பறைக் கதவு சரியாக மூடாது. பினாயில் வாசனைக்கு நடுவே அவர் சாப்பிட்டு முடித்து, குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டை விரித்துக் காட்டினாள். எழுபத்திரண்டு கோடு. முப்பத்து மூன்றில் நின்ற எண்.

"நல்லா எண்ணி வெச்சிருக்கீங்கம்மா" என்றார் அவர். அது பாராட்டில்லை என்று இருவருக்கும் தெரியும். "இந்த நோட்டை வெளிய யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல சார். அந்த நாலு கட்டையாவது திறந்தா, இன்னைக்கு ராத்திரிக்குள்ள நானே திருத்திக் கொடுத்துடறேன்."

"உங்க நாலைத் திறந்தா மத்தவங்க இருநூறையும் திறக்கணும். முடிவு தள்ளிப்போகும். பேப்பர்காரன் வாயில போட்டு மெல்லுவான்." குச்சியின் நுனியைப் பார்த்துவிட்டு அதை மேசை ஓரத்தில் வைத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். கடைசி நாளில் எல்லாத் தேர்வாளரும் கையெழுத்திடுவது. முகாம் முழுவதும் ஒரே விடைக்குறிப்பின்படி திருத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி.

"உங்க மேசைல நீங்க போடமாட்டீங்கன்னு தலைமைத் தேர்வாளர் பயப்படறாரு."

"எப்படி சார் போடறது? அது பொய்தானே?"

"நீங்க கவலைப்படறது அந்த முப்பத்து மூணுக்குத்தானே?" அவர் குரல் திடீரென்று வீட்டு மனுஷர் குரலானது. "நானும் பிள்ளை பெத்தவன்தாம்மா. அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துவரச் சொல்றேன். கூட்டல் சரிபார்க்கறப்ப கண்ணுல பட்டதுன்னு காட்டிக்கலாம். அஞ்சு போடுங்க. முப்பத்தாறு. பிள்ளை பாஸ். அப்புறம் இந்தக் கையெழுத்து."

"மீதி எழுபத்தொண்ணு?"

"அதுங்க எப்படியும் பாஸ்தானே. மூணு மார்க்ல என்ன குடி முழுகிடும்?"

மூன்று மதிப்பெண்ணில் ஒரு கல்லூரி இடம் போகும் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் மாட்டேன் என்று எழுந்து போகலாம். போனால் அந்த எண் முப்பத்து மூன்றாகவே வெளியே போகும். மற்ற எழுபத்தொன்றுக்கும் அதனால் ஒன்றும் வந்துவிடப் போவதில்லை. இந்தக் கணக்கை அவர் முன்பே போட்டு வைத்திருந்தார் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"எடுத்துவரச் சொல்லுங்க" என்றாள்.

பத்து நிமிடத்தில் தாள் வந்தது. இரண்டு அறை தள்ளித்தான் இருந்தது. அவள் இரண்டை அடித்து ஐந்து எழுதினாள். கூட்டுத்தொகையை அடித்து முப்பத்தாறு எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். தலைமைத் தேர்வாளரும் கூப்பிடப்பட்டு வந்து, அதே பச்சை மையில், தன் பழைய கையெழுத்துக்குக் கீழேயே இன்னொன்று போட்டார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "மனிதாபிமானம் மேடம், அதுதான் முக்கியம்" என்றார்.

பிறகு அவள் படிவத்தில் கையெழுத்திட்டாள். அதிகாரி மை காயும்வரை காத்திருக்காமல் அதை இழுப்பறைக்குள் தள்ளினார். "அந்த நோட்டு" என்று கையை நீட்டினார். அதையும் கொடுத்தாள்.

மேசைக்குத் திரும்பியபோது சித்தப்பா ஏறிட்டுப் பார்த்தார். "என்னாச்சு டீச்சர்? திறந்தாங்களா?"

"ஒண்ணு."

"ஒரு கட்டா?"

"ஒரு தாள்."

அவர் குனிந்து தன் கட்டில் அடுத்த தாளைப் புரட்டினார். நகைச்சுவை இல்லாத சித்தப்பாவைப் பார்ப்பது அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

அடுத்த கட்டில் முதல் நான்கு தாளும் விவரித்தவை. ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து. ஐந்தாவது தாளைப் புரட்டியதும் அவள் கை நின்றது. இந்தப் பிள்ளை அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. இடப்பக்கம் தமனி, வலப்பக்கம் சிரை. இரத்தம் போகும் திசை, சுவர், உட்குழி, அழுத்தம். நான்கு வரி, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் சரி. மொத்தம் எட்டுக் கருத்து.

தாளைத் தூக்கிக்கொண்டு தலைமைத் தேர்வாளரிடம் போனாள். "இதுக்கு என்ன சார் போடறது? ஒப்பிட்டிருக்கு."

அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டார். "ஒப்பிட்டா ஜோடிக்கு ஒண்ணு. எத்தனை ஜோடி? நாலு. நாலு போடுங்க."

"அஞ்சு கருத்தை விவரிச்சு எழுதினதுக்கு அஞ்சு. எட்டு கருத்தை ஒப்பிட்டு எழுதினதுக்கு நாலா?"

"விவரிச்சவங்களுக்குத்தான் மாத்தியிருக்கு மேடம். ஒப்பிட்டவங்களைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே." தாளைத் திருப்பிக் கொடுத்தார். கீழ்முனை ஈரமாக இருந்தது. "எல்லாத்துக்கும் நீங்க வந்துட்டே இருந்தா எப்படி? இப்பதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இந்தக் கட்டில் இதுவரை கேட்டதைச் செய்த ஒரே தாள் இதுதான். ஓரத்தில் நான்கு என்று எழுதினாள். சிவப்பு மை, நேரான எழுத்து, எந்தத் தாளிலும் போடுவது போலத்தான்.

ஸ்பாஞ்சு காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. தண்ணீர் குழாய் தாழ்வாரக் கோடியில் இருந்தது. இன்னும் இருபத்தைந்து தாள் பாக்கி. அவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளைப் புரட்டினாள்.