சமையல் ஏப்ரன் வரிசையில்

கடை திறந்து எட்டு மாதத்தில் நான் தைத்ததில் பதினாறுதான் விற்றது, அதிலும் ஏழு திரும்பி வந்தது. "உன் சரக்கை யாரும் தேடலடி. கடையை மூடிட்டு மாசக் கடைசிக்குள்ள எங்கிட்டயே வந்துடு"ன்னு அக்கா சொன்னபோது நானும் தலையாட்டிவிட்டேன். அவள் ஆன்லைனில் படுக்கை விரிப்பு விற்கிறவள். ஆறு வருஷம் அவளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் நான்.

நான் தைத்தது பெரியவர்களுக்கான பிப். கை நடுங்குகிறவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் சாப்பிடும்போது மார்பில் போட்டுக்கொள்வது. உள்ளே நீர் புகாத துணி, தோளில் டிச் பட்டன், ஒரு கையால் கழற்றலாம். தைக்கத் தெரிந்த எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் தான் விற்கும் அதே தளத்தில் எனக்கொரு கடைப் பக்கத்தை அக்காதான் திறந்து கொடுத்தாள். கணக்கின் மின்னஞ்சலும் அவளுடையது; அதற்கு வரும் அறிவிப்புகளுக்குப் பதில் சொல்வதும் அவள்தான். கூடப் பிறந்தவளைச் சந்தேகப்பட எனக்கு என்ன பைத்தியமா?

மூடுவதற்கு முன்பு கடைசியாக ஒரு பொட்டலம் அனுப்பினேன். அதை வாங்கிய அம்மா ஒருவர் கடைப் பக்கத்தின் கேள்விப் பெட்டியில் எழுதியிருந்தார்: "எங்கப்பாவுக்கு இதைத்தான் மூணு வாரமா தேடினேன். முதியோர் உதவிப் பொருள் பிரிவுல இல்லவே இல்லை. எனக்குச் சமையல் ஏப்ரன் வாங்கப் போனப்பதான் கண்ல பட்டுது. இவ்வளவு நல்ல சாமானை ஏன் இங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

ஒளித்து வைப்பதா? எனக்குச் சுருக்கென்றது. தையல் வகுப்பில் என்னோடு படித்தவள் ஒருத்தி இப்போது ஆன்லைனில் பொம்மை விற்கிறாள். போனைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் என் பொருளின் பக்கத்தைத் திறந்ததுமே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பிரிவு சமையலறை. பொருள் வகை ஏப்ரன். அடியேய், ஏப்ரன்னு போட்டா இந்த சைட்டு பாக்கெட் இருக்கா, கட்டுற நாடா இருக்கான்னுதான் கேக்கும். நீர் புகாதது, பெரியவங்க அளவுன்னு நிரப்ப இடமே இருக்காது. முதியோர் பிரிவுல போய் வடிகட்டிப் பாக்கறவங்களுக்கு உன் சரக்கு வரவே வராது. பேரைத் தட்டித் தேடினாலும் சரியான வகையில இருக்கறதைத்தான் முன்னாடி காட்டும். நீ ஒன்பதாம் பக்கத்துல கிடப்ப."

"அந்த ஏழு?"

"ஏப்ரன்னு நம்பி வாங்கினவங்க. குட்டையா இருக்கு, நாடா இல்லைன்னு திருப்பிட்டாங்க, அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம்னு மதிப்பும் குத்திட்டாங்க. திரும்பி வர வர இன்னும் கீழ தள்ளும்."

தெரியாமல் போட்டிருப்பாள் என்று அப்போதும் அக்காவுக்காக வக்காலத்து வாங்கினேன். தோழி கடைக் கணக்கின் அறிவிப்புகளைத் திறந்து போனை என் பக்கம் திருப்பினாள். நாலு மாதத்துக்கு முன்பு வந்தது. "உங்கள் பொருள் இந்தப் பிரிவுக்குப் பொருந்தவில்லை. பரிந்துரை: முதியோர் பராமரிப்பு, சாப்பாட்டு உதவிப் பொருட்கள்." அதன் கீழே: "விற்பனையாளர் பழைய பிரிவையே வைத்துக்கொண்டார்." தேதியும் இருந்தது. அது என் பிறந்தநாள். அன்று மாலை அக்கா எனக்குப் புதுக் கத்தரிக்கோல் வாங்கி வந்து, "மனசு விடாதே"ன்னு கட்டிப்பிடித்தாள்.

நேராக அவள் கிடங்குக்குப் போனேன். காலை வைக்க இடமில்லை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வியர்த்து வழிந்துகொண்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல போட்டது தெரியாமத்தான்," என்றாள், போனைப் பார்த்ததும்.

"அப்புறம்?"

டேப்பின் நுனியைத் தேடுகிற மாதிரி நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "நீ போனப்புறம் பொட்டலம் கட்ட வச்ச ஆளுங்க ரெண்டு பேரும் நின்னுட்டாங்க. உன்ன மாதிரி யாருக்கும் கை வராது. உன் கடை ஓடலேன்னா நீயே வந்துடுவேன்னு..."

"வாடின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனேக்கா. பாதி நாள் உனக்கு, பாதி நாள் எனக்குன்னு பாத்திருப்பேன். நாலு மாசமா என் சரக்கு மட்டம்னு என்னையே நம்ப வச்சியே!"

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பெட்டிகளைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன்.

தோழிதான் கணக்கை என் மின்னஞ்சலுக்கு மாற்றினாள். படங்களோடு வகையை மாற்றச் சொல்லி விண்ணப்பம் போட்டோம். நாலு நாளில் மாற்றிவிட்டார்கள். அந்த ரெண்டு நட்சத்திர மதிப்பீடுகள் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன. அளவு, துணி, பட்டன் எல்லாவற்றையும் அதற்கான கட்டங்களில் நிரப்பினேன். அடுத்த வாரம் முதல் பக்கத்தின் கடைசியில் என் பிப் தெரிந்தது. திங்கட்கிழமை ஒரே நாளில் பதினோரு ஆர்டர்.

துள்ளிக் குதித்துப் போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்திவிட்டேன். ஒருமுறை மணி அடித்த பிறகுதான் உறைத்தது. சட்டென்று துண்டித்தேன். நல்லது நடந்தால் ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். உடனே அவளே திருப்பிக் கூப்பிட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை துணியை வெட்டிக்கொண்டிருந்தேன்.