ஜெய்ராமின் நம்பர்

கொல்கத்தாவின் பெஹாலாவில் ரீசார்ஜ் கடைக்காரர் கொடுத்த பிளான் நோட்டீஸை மைதிலி போட்டோ எடுத்து, நியூ டவுனில் இருக்கும் நாத்தனார் ஸ்மிதாவுக்கு அனுப்பினாள். மைதிலியின் கணவன் ஜெய்ராம் வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதமாகிறது. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஸ்மிதா உடனே கூப்பிட்டாள்.

"மன்னி, முதல் பிளான் இருபத்தெட்டு நாள்தான், முழு மாசம் இல்லை. அன்லிமிடெட்னு போட்டிருக்கான், ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி தாண்டினா வேகம் படுத்துடும். கீழ பொடி எழுத்தைப் பாருங்கோ. பாட்டு ஆப் ஒரு மாசம்தான் இலவசம். நாம நிறுத்தலேன்னா அப்புறம் தானா காசு பிடிச்சுப்பான்."

"டேட்டாவெல்லாம் வேண்டாம். நம்பர் வேற யாருக்கும் போயிடக்கூடாது. அவ்வளவுதான்."

"அண்ணா நம்பருக்கா, மன்னி?"

"ஆமாம். நாளையோட வேலிடிட்டி முடியறது."

"அப்போ கடைசி பிளான் போடுங்கோ. வருஷத்துக்கே சேர்த்துக் கொஞ்சம்தான் டேட்டா. ஆனா முந்நூத்தறுபத்தஞ்சு நாளைக்கு நம்பர் உயிரோட இருக்கும்."

ஒரு வருடம் என்பது மைதிலிக்கு நீளமாகவும் படவில்லை, குறைவாகவும் படவில்லை. கடைக்காரரிடம் கடைசி வரியைக் காட்டி, ஜெய்ராமின் நம்பரைச் சொன்னாள்.

"ஆகிவிட்டது, தீதி" என்றார் அவர் வங்க மொழியில்.

தலையை ஆட்டிவிட்டு, காய் வாங்கப் போனாள்.